ஏழாம் தேதி விற்பனை எவ்வளவு?

நாலைந்து கிளைகள் உள்ள எந்தக் கடையிலும் காலை ஒன்பதரைக்குள் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்துவிடும். நேற்றைய விற்பனை, கிளை வாரியாக. மேனேஜர் அன்றைக்குச் சிரித்துப் பேசுவாரா, சிடுசிடுப்பாரா என்பதை அந்தச் செய்தியே பாதி முடிவு செய்துவிடும். சிக்கல் வருவது மறுநாள். யாராவது அதே தேதியின் ரிப்போர்ட்டைக் கணினியில் திறந்து பார்ப்பார்கள். எண் வேறாக இருக்கும். பெரிய வித்தியாசம் இருக்காது. பதினெட்டு லட்சத்தில் ஐந்தாயிரம், ஆறாயிரம். ஆனால் அந்த நாள்தான் முடிந்துவிட்டதே? ஷட்டர் இறக்கியாயிற்று, கல்லாவை எண்ணிப் பையில் போட்டாயிற்று. பிறகு எப்படி மாறும்?

பில்லிங் கவுன்டரில் உட்காருபவர் முதல் கிளை மேனேஜர் வரை இதைக் கேட்கிறார்கள். 'ஹெட் ஆபீஸில் யாரோ கணக்கில் கை வைக்கிறார்கள்' என்ற எண்ணம் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு உள்ளூர இருக்கும். கை வைப்பதும் சில இடங்களில் நடப்பதுதான், அதைப் பிறகு பார்ப்போம். பெரும்பாலான நாட்களில் காரணம் மிகச் சாதாரணமானது.

கேள்விகளை ஊழியர்கள் கேட்கும் விதத்திலேயே வைத்திருக்கிறேன். பதில் சொல்ல ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். மதுரைப் பக்கம் நான்கு கிளைகள் உள்ள டிபார்ட்மென்டல் ஸ்டோர். மளிகை, பாத்திரம், கொஞ்சம் வீட்டு டெலிவரி. ரூபாய் எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை.

கடையைப் பத்து மணிக்குப் பூட்டியாச்சு. அதுக்கப்புறம் ஏழாம் தேதிக்கு எப்படி சார் புதுசா விற்பனை வரும்?

புதிதாக விற்பனை வரவில்லை. ஏழாம் தேதி நடந்த விற்பனையின் ஒரு பகுதி தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது.

கவுன்டரில் இருக்கும் பில்லிங் மெஷின், பில் போட்டவுடன் அதைத் தன்னிடமே முதலில் சேமித்துக்கொள்கிறது. பிறகுதான் இன்டர்நெட் வழியாக ஹெட் ஆபீஸ் சர்வருக்கு அனுப்புகிறது. வேண்டுமென்றே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். லைன் போய்விட்டது என்பதற்காக வரிசையில் நிற்கும் இருபது பேரைக் காக்க வைக்க முடியாது. லைன் இல்லாவிட்டாலும் பில் ஓடும், வாடிக்கையாளர் பணம் கொடுத்துப் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பில் மட்டும் மெஷினுக்குள் காத்திருக்கும். லைன் திரும்பியதும் கிளம்பிப் போகும். அதற்குள் கடையை மூடி மெஷினையும் அணைத்துவிட்டால், மறுநாள் காலையில் யாராவது ஸ்விட்ச் போடும்வரை அந்த பில்கள் அங்கேயே கிடக்கும்.

ஆகவே ஒவ்வொரு பில்லுக்கும் இரண்டு நேரங்கள் உண்டு. பில் போட்ட நேரம் ஒன்று, சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம் இன்னொன்று. விற்பனை ரிப்போர்ட் முதல் நேரத்தை வைத்துத்தான் தேதியைத் தீர்மானிக்கிறது. எட்டாம் தேதி காலை பத்தேகாலுக்கு வந்த பில்லாக இருந்தாலும், அது ஏழாம் தேதி இரவு போட்டதென்றால் ஏழாம் தேதிக் கணக்கில்தான் போய் உட்காரும்.

கல்யாணத்துக்கு வர முடியாத சித்தப்பா நாலு நாள் கழித்து வீட்டுக்கு வந்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தால், அதை அந்தக் கல்யாணத்து மொய் நோட்டில்தானே எழுதுகிறோம்? கல்யாணத்தன்று ராத்திரி கூட்டிப் பார்த்த தொகையும் ஒரு வாரம் கழித்துக் கூட்டும் தொகையும் ஒன்றாக இருக்காது. யாரும் அதைக் கள்ளக்கணக்கு என்று சொல்வதில்லை. இங்கே நடப்பதும் அதுவே.

எட்டாம் தேதி காலையில பார்த்தப்போ 18,42,310 ரூபாய். ஒன்பதாம் தேதி காலையில 18,47,965. இந்த 5,655 ரூபாய் எங்கிருந்து வந்தது?

நான்கு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று கூட்டியது, மூன்று கழித்தன.

ஒரு கிளையில் மூன்றாம் கவுன்டருக்கு ஏழாம் தேதி இரவு எட்டு நாற்பதுக்கு லைன் போனது. சுவிட்ச் பெட்டியில் வயர் தளர்ந்திருந்தது; மற்ற கவுன்டர்கள் ஓடியதால் யாரும் கவனிக்கவில்லை. கடை மூடும்வரை அந்தக் கவுன்டரில் 23 பில்கள், மொத்தம் 9,180 ரூபாய். மறுநாள் வயரைச் சரியாகச் செருகியதும் எல்லாம் ஒரே மூச்சில் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தன. ஒன்பது மணிக்கு ரிப்போர்ட் எடுத்தவருக்கு அவை தெரிந்திருக்க வழியில்லை.

அடுத்தது ஒரு பிரஷர் குக்கர், 2,450 ரூபாய். ஏழாம் தேதி வாங்கியவர் எட்டாம் தேதி மதியம் மூடி சரியாக உட்காரவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தார். பழைய பில் நம்பரைப் போட்டு ரிட்டர்ன் எடுத்தார்கள். ஏழாம் தேதி விற்பனையிலிருந்து 2,450 குறைந்தது.

மூன்றாவது வீட்டு டெலிவரி. ஏழாம் தேதி மாலையில் பில் போட்டுக் கட்டி வைத்த ஆர்டர் எட்டாம் தேதி காலையில் போனது. வாங்கிய அம்மா கேட்ட எண்ணெய் வேறு, வந்தது வேறு. அதையும் இன்னொரு பொருளையும் டெலிவரி பையனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். 640 ரூபாய் கழிந்தது.

நாலாவது கொஞ்சம் விசித்திரமானது, ஆனால் கவுன்டரில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒருவர் யுபிஐயில் பணம் அனுப்பினார், சுற்றிக்கொண்டே இருந்தது, பணம் வந்த சத்தம் கேட்கவில்லை. அவர் கார்டை நீட்டினார். அதே பில்லில் பணம் கட்டிய முறையை மட்டும் மாற்றியிருக்கலாம். அவசரத்தில் கேஷியர் புதிதாக இன்னொரு பில்லே போட்டுவிட்டார். 435 ரூபாய்க்கு ஒரே சரக்கு, இரண்டு பில். மறுநாள் பேங்க் கணக்கோடு ஒத்துப் பார்க்கும்போது ஒன்றுக்குப் பணமே வரவில்லை என்று தெரிந்து ரத்து செய்தார்கள். (வாடிக்கையாளர் கணக்கில் பணம் பிடித்து, கடைக்கு உறுதி வராமல் போனால், ஐந்து நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதி. அவர் பணம் எங்கும் போய்விடாது.)

9,180 கூட்டி, அதில் 2,450, 640, 435 மூன்றையும் கழித்தால் 5,655.

இதில் ஒன்றைப் பார்த்தீர்களா? வெளியே தெரிந்த மாற்றம் ஐந்தாயிரத்துச் சொச்சம். உள்ளே நடந்ததோ 9,180 ஏற்றமும் 3,525 இறக்கமும். தாமதமாக வந்த பில்களும் திரும்பி வந்த சரக்கும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டால் எண் அப்படியே நிற்பதுபோலத் தோன்றும். மொத்தம் மாறவில்லை என்பதால் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. அதனால்தான் மொத்தத்தோடு மொத்தத்தை ஒப்பிடுபவர்களைவிட, பில் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் சீக்கிரம் விஷயத்தைப் பிடித்துவிடுகிறார்கள்.

குக்கர் திரும்பி வந்தது எட்டாம் தேதிதானே? ஏழாம் தேதியில ஏன் கழிக்கிறீங்க? அக்கவுண்ட்ஸ் ரிப்போர்ட்ல ஏழாம் தேதி மாறவே இல்லையே!

இந்தக் கேள்வியைக் கேட்பவர் கணக்குப் புரிந்தவர். இரண்டு ரிப்போர்ட்டும் சரிதான். அவை பதில் சொல்லும் கேள்விகள் வேறு.

கணக்குப் புத்தகத்துக்கு ஏழாம் தேதி ஒரு விற்பனை நடந்தது, எட்டாம் தேதி ஒரு ரிட்டர்ன் நடந்தது. ஜிஎஸ்டியிலும் அப்படியே. போட்ட பில்லை அழிக்க மாட்டார்கள். திரும்பி வந்த நாளில் ஒரு கிரெடிட் நோட் போடுவார்கள். அதன் தேதி எட்டு. அதனால் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் எண்ணில் குக்கரால் ஏழாம் தேதிக்கு ஒன்றும் ஆகாது, எட்டாம் தேதிதான் குறையும்.

விற்பனைப் பிரிவு கேட்பது வேறு. ஏழாம் தேதி பாத்திரங்களுக்கு ஆஃபர் போட்டோம். அன்றைக்கு விற்றதில் கடைசியில் எவ்வளவு நின்றது? பத்து குக்கர் விற்று நாலு திரும்பி வந்திருந்தால், அந்த ஆஃபரைப் பற்றியோ அந்தக் குக்கரைப் பற்றியோ அது ஒரு செய்தி. ரிட்டர்னை வந்த தேதியில் கழித்தால் ஏழாம் தேதி எப்போதும் பிரமாதமாகத் தெரியும், பாவம் எட்டாம் தேதி காரணமில்லாமல் அடிவாங்கும். அதற்காகத்தான் விற்பனை ரிப்போர்ட், திரும்பிய சரக்கை அது பிறந்த பில்லிலேயே கொண்டுபோய்க் கழிக்கிறது. இந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலை, பழைய தேதியின் எண் கொஞ்ச நாள் ஆடிக்கொண்டே இருப்பது.

எவ்வளவு நாள்? கடையின் ரிட்டர்ன் கெடுவைப் பொறுத்தது. ஏழு நாளுக்குள் திருப்பலாம் என்று பில்லின் அடியில் அச்சடித்திருந்தால், ஏழாம் தேதி பதினாலாம் தேதி வரை ஆடும். ஆட்டம் நாளுக்கு நாள் குறையும். முதல் நாள் ஆயிரங்களில், நாலாம் நாள் நூறுகளில், பிறகு அசையாது. நம் கடையில் பத்தாம் தேதி காலை பார்த்தபோது 18,47,135 இருந்தது. 830 ரூபாய்க்கு ஒரு ரிட்டர்ன், அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டின் தலைப்பில் 'நிகர விற்பனை' என்று இருக்கிறதா, 'மொத்த விற்பனை' என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஹெட் ஆபீஸுக்கும் கிளைக்கும் நடக்கும் போன் சண்டைகளில் கணிசமானவை, ஒருவர் ஒன்றையும் இன்னொருவர் மற்றதையும் கையில் வைத்துக்கொண்டு பேசுவதால் வருபவை.

எல்லா பில்லும் வந்து சேர்ந்துடுச்சான்னு தெரிஞ்சுக்க வழி இருக்கா?

இருக்கிறது, அதுவும் உங்கள் கையிலேயே. பில் நம்பர்.

ஜிஎஸ்டி விதிப்படி பில் நம்பர் வரிசை அறுபடாமல் போக வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் அதே நம்பர் மறுபடி வரக் கூடாது. கிளைக்கும் கவுன்டருக்கும் தனித்தனி வரிசை வைத்துக்கொள்ளலாம். பல கடைகளில் அப்படித்தான் முன்னால் கிளை எழுத்தும் கவுன்டர் எண்ணும் போட்டிருப்பார்கள். வரி வாங்குவதற்காகப் போட்ட விதி, கணக்குப் பார்ப்பவனுக்கு இலவசமாகக் கிடைத்த கருவி.

மூன்றாம் கவுன்டரில் ஏழாம் தேதி முதல் பில் 4,101, கடைசி பில் 4,236 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் சர்வரில் 136 பில்கள் இருக்க வேண்டும். எட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு எண்ணியிருந்தால் 113தான் இருந்திருக்கும், 4,213-லேயே நின்றிருக்கும். 23 பில் வரவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம், தொகை தெரியாவிட்டாலும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நடுவில் நம்பர் விட்டுப்போனால் சர்வரைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்: 4,150-க்கு அடுத்து 4,152 என்றால் ஏதோ ஒன்று காணோம். கடைசிப் பில்கள் வராவிட்டால் அப்படித் தெரியாது. வரிசை 4,213-இல் ஒழுங்காக முடிந்ததுபோல இருக்கும், வியாபாரம் மந்தம் என்று நினைத்துக்கொள்வோம். லைன் போவதோ பெரும்பாலும் கடை மூடும் நேரத்தைத் தொட்டுத்தான் சிக்கலாகிறது, ஏனென்றால் பகலில் போனால் அன்றைக்கே திரும்பி வந்து எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே கடைசி நம்பரைக் கவுன்டரில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். கல்லாவை ஒப்படைக்கும் சீட்டில் பண விவரத்தோடு கடைசி பில் நம்பரையும் எழுதினால், மறுநாள் காலை ஹெட் ஆபீஸ் செய்ய வேண்டியது ஒரு கழித்தல் மட்டுமே.

ஒரு தடவை எங்க கிளையில ஒரு கவுன்டரோட முழு நாள் விற்பனையே காணாமப் போச்சு. ரெண்டு நாள் கழிச்சு வந்துச்சு. லைன்லாம் நல்லாத்தான் இருந்தது.

மெஷினின் தேதியைப் பார்த்தீர்களா?

கணினி அணைந்திருக்கும்போதும் அதன் கடிகாரம் ஓடுவதற்காக உள்ளே ரூபாய் நாணயம் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். பழைய மெஷினில் அது தீர்ந்துபோகும். பகலெல்லாம் ஒன்றும் தெரியாது. ராத்திரி மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவார்கள் இல்லையா, காலையில் போடும்போது மெஷின் ஏதோ ஒரு பழைய வருடத்து ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் போயிருக்கும். கேஷியர் கவனிக்காமல் பில் போட ஆரம்பிப்பார். பில்கள் எல்லாம் சர்வருக்கு உடனுக்குடன் வந்துவிடும். ஆனால் பில் தேதி பழையது என்பதால் அந்தப் பழைய தேதியில் போய் விழும். இன்றைய ரிப்போர்ட்டில் அந்தக் கவுன்டர் பூஜ்யம்.

கண்டுபிடிப்பது எளிது. பில் நம்பர் ஒழுங்காக ஏறிக்கொண்டிருக்கும், தேதி மட்டும் குதித்திருக்கும். நம்பர் முன்னும் பின்னும் உள்ள பில்களைப் பார்த்து ஹெட் ஆபீஸில் தேதியைத் திருத்துவார்கள். திருத்திய நொடியில் ஏழாம் தேதி விற்பனை ஒரேயடியாக ஏறும். அச்சாகி வாடிக்கையாளர் கைக்குப் போன பில்லில் தவறான தேதி இருக்குமே என்பது தனித் தலைவலி. அதை ஆடிட்டரிடம் கேட்டுத்தான் தீர்க்க வேண்டும். நல்ல சாஃப்ட்வேர் என்றால், கடைசி பில்லின் தேதிக்கு முந்தைய தேதியில் அடுத்த பில்லைப் போடவே விடாது. உங்களுடையது விடுகிறது என்றால் விற்றவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பேட்டரிக்கு நூறு ரூபாய்கூட ஆகாது.

இவ்வளவு குழப்பம் எதுக்கு? ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கணக்கைப் பூட்டிட்டா ஒரே எண்தானே இருக்கும்?

இருக்கும். எல்லோரும் நிம்மதியாக ஒரே தவறான எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பூட்டினால் அந்த 23 பில் எங்கே போகும்? எட்டாம் தேதியில். ஏழாம் தேதி 9,180 குறைந்து தெரியும், எட்டாம் தேதி அதே அளவு கூடித் தெரியும். சரக்குக் கணக்கு இன்னும் மோசம். ஏழாம் தேதி இரவு அலமாரியிலிருந்து போன பொருள் எட்டாம் தேதிதான் போனதாக இருக்கும். நடுவில் யாராவது ஸ்டாக் எண்ணினால் குறைகிறது என்று எழுதுவார், மறுநாள் அந்தக் குறை தானாகச் சரியாகி, எண்ணியவரைப் பொய்யராக்கும்.

ஆனாலும் பூட்டுவதை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். ஒரு கட்டத்தில் பூட்டத்தான் வேண்டும். கடைகள் வழக்கமாக மாதக் கணக்கை முடித்து, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும்போது பூட்டுகின்றன. மாதாமாதம் போடுபவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கெடு அடுத்த மாதம் பதினொன்று. பூட்டிய பிறகு வரும் திருத்தம் எதுவும் பழைய தேதிக்குப் போகக் கூடாது, நடப்பு மாதத்தில்தான் விழ வேண்டும். அதுவரை திறந்து வைத்திருப்பதும் அதன் பிறகு மூடுவதும்தான் நியாயமான ஏற்பாடு என்பது என் கருத்து. அரசாங்கமே இப்படித்தான் செய்கிறது. மொத்த விலைக் குறியீட்டு எண்ணை மாதத்தின் நடுவில் வெளியிடும்போதே 'தற்காலிகம்' என்று போட்டுத்தான் தருகிறார்கள். கடைசியாக வர வேண்டிய விலை விவரங்களும் வந்து சேர்ந்து, பத்து வாரம் கழித்து இறுதி எண் வரும். அதன் பிறகு தொட மாட்டார்கள்.

எவ்வளவு மாறினா சந்தேகப்படணும்?

ஒரு சதவீதமா, அரை சதவீதமா என்று கேட்பவர்கள் அதிகம். அளவைவிட மூன்று விஷயங்கள் முக்கியம் என்பேன்: எப்போது மாறியது, எந்தப் பக்கம் மாறியது, பில்லைக் காட்ட முடிகிறதா.

கடைசியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஐந்தாயிரம் மாறியது என்றால் இன்னின்ன பில் என்று பட்டியல் தர முடிய வேண்டும், நாம் மேலே நான்கு காரணங்களாகப் பிரித்துப் பார்த்ததுபோல. 'சிஸ்டத்துல அப்படித்தான் வரும்' என்பது பதிலல்ல. ஐம்பது ரூபாய் மாறி பில் காட்ட முடியாவிட்டால், ஐம்பதாயிரம் மாறி பில் காட்ட முடிவதைவிட அது கவலைக்குரியது.

ரிட்டர்ன் கெடு முடிந்த தேதி அசைந்தாலும் கேளுங்கள். ஏழாம் தேதி இருபத்தைந்தாம் தேதி மாறினால் அதற்கு ஒரு பெயரும் காரணமும் இருந்தாக வேண்டும்.

பக்கம் என்று சொன்னது இதற்காக. தாமதமாக வரும் பில் எண்ணை ஏற்றும், ரத்தும் ரிட்டர்னும் இறக்கும். ஏற்றத்தில் கவனக்குறைவு இருக்கலாம், திருட்டு இருப்பது அரிது. இறக்கத்தில்தான் கவனம் வேண்டும். கல்லாவில் நடக்கும் பழைய தந்திரம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் ரொக்கம் கொடுத்துப் பில்லை வாங்கிப் போய்விடுவார்; அவர் போன பிறகு பில்லை ரத்து செய்து, அந்தப் பணத்தை எடுத்துக்கொள்வது. கல்லாவில் இருக்கும் பணமும் கணக்கும் பைசா சுத்தமாகப் பொருந்தும். காலை ரிப்போர்ட் எடுத்த பிறகு ரத்து செய்தால் 'பழைய தேதி கொஞ்சம் மாறத்தான் செய்யும்' என்ற நம் சமாதானமே அதற்குத் திரையாகிவிடும்.

இதற்குச் சில அடையாளங்கள் உண்டு. ரத்தான பில்கள் எல்லாம் ரொக்கமாகவே இருக்கும். யுபிஐ, கார்டு என்றால் பணம் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும், அது பேங்கில் பதிவாகும். ஒரே கவுன்டர், ஒரே ஆள் என்று அமையும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரத்தான பில்லில் இருந்த சரக்கு அலமாரிக்குத் திரும்பி வந்திருக்காது. நம் குக்கர் கதையில் குக்கர் கடையில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். அதுதான் வித்தியாசம்.

யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதிவு உள்ளே இருக்கும். கம்பெனியாகப் பதிவு செய்த நிறுவனங்கள் 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்து வைக்கும், அந்தப் பதிவை நிறுத்த முடியாத கணக்கு சாஃப்ட்வேரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. டேலியில் 'எடிட் லாக்' என்று பார்த்திருப்பீர்கள், அதுதான். கூட்டு வியாபாரமோ தனி முதலாளி கடையோ என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் வைத்துக்கொள்வதில் நஷ்டம் ஒன்றும் கிடையாது.

எங்க இன்சென்டிவ் எந்த எண்ணை வச்சுப் போடுறாங்க?

இதுதான் பல பேர் கேட்க நினைத்த முதல் கேள்வி என்று எனக்குத் தெரியும்.

கடைக்குக் கடை மாறும், உங்கள் கடையில் எது என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காலைச் செய்தியில் வரும் எண்ணை வைத்துப் போடுவது இரு பக்கமும் அநியாயம். லைன் போன கவுன்டரில் உட்கார்ந்தவருக்கு 23 பில் நஷ்டம். திரும்பி வரும் என்று தெரிந்தே தலையில் கட்டி அனுப்பியவருக்கு லாபம். ரிட்டர்ன் கெடு முடிந்த பிறகு எடுக்கும் நிகர விற்பனையை வைத்துப் போட்டால் இரண்டுமே இருக்காது. ஏழு நாள் கெடு உள்ள கடையில், மாதக் கடைசி நாளின் எண் அடுத்த மாதம் ஏழாம் தேதி நின்றுவிடும். இன்சென்டிவை எட்டாம் தேதி கணக்கிட்டு, பத்தாம் தேதிச் சம்பளத்தோடு தாராளமாகக் கொடுக்கலாம்.

அப்போ காலையில குரூப்ல போடுற எண்ணை என்ன செய்யறது? போடாம விட்டுடலாமா?

போட வேண்டும். ஒன்பதரை மணிக்குத் தெரிந்தது என்ன என்பதற்கு அதுதான் பதில், அந்த வேலைக்கு அது போதும். எந்தக் கிளையில் சரக்கு இறக்க வேண்டும், எங்கே ஆள் கூடுதலாக வேண்டும் என்று முடிவெடுக்க ஐந்தாயிரம் ரூபாய் வித்தியாசம் தடையாகாது.

எழுதும் விதத்தைத்தான் கொஞ்சம் மாற்ற வேண்டும். 'ஏழாம் தேதி விற்பனை 18,42,310' என்று மட்டும் எழுதினால் அது கல்வெட்டு மாதிரி ஆகிவிடுகிறது. பிறகு மாறும்போது யாரோ ஏமாற்றியதாகத் தோன்றுகிறது. 'எட்டாம் தேதி காலை 9 மணி நிலவரம்' என்று சேர்த்து எழுதுங்கள். எந்தக் கவுன்டரின் கடைசி பில் இன்னும் வரவில்லையோ அதையும் ஒரு வரியில் போடுங்கள். ரிப்போர்ட்டை அச்சடித்து வைப்பவர்கள், அடியில் எடுத்த தேதியும் நேரமும் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் பேனாவால் எழுதுங்கள். இரண்டு தாள்களில் எது புதியது என்றே தெரியாமல் அரை மணி நேரம் வாதாடும் கொடுமையாவது மிஞ்சும்.

இன்னொரு சின்ன வேலை. நேற்றைய எண்ணோடு முந்தாநாளின் எண்ணையும் மறுபடி ஒருமுறை எடுத்துப் போடுங்கள், பக்கத்தில் எவ்வளவு மாறியது என்றும் குறிப்பிடுங்கள். ஒன்பதாம் தேதிச் செய்தியில் 'ஏழாம் தேதி: 18,47,965, நேற்றைவிட 5,655 கூடுதல், மூன்றாம் கவுன்டர் பில்கள் வந்தன' என்று இருந்தால், இந்தக் கேள்வியைக் கேட்க யாரும் ஹெட் ஆபீஸுக்குப் போன் போட மாட்டார்கள். ஒரு மாதம் இப்படி எழுதினால் உங்கள் கடைக்கு வழக்கமாக எவ்வளவு ஆடும் என்பதும் தெரிந்துவிடும். அந்த வழக்கத்தைத் தாண்டிப் போகும் நாளில், முதலில் மூன்றாம் கவுன்டருக்குப் பின்னால் இருக்கும் வயரைப் பார்த்துவிட்டு, பிறகு ரத்தான பில்களின் பட்டியலை எடுங்கள்.